காதில் தண்ணீர் அடைத்துக்கொண்டால்

"ஞாயிற்றுக்கிழமை ஏற்காடு கிளியூர் அருவியில் குளித்தேன். வலது காது இன்னும் அடைத்தே இருக்கிறது, ரெண்டு நாளாச்சு. பட்ஸ் விட்டு எடுக்கலாமா?"

பட்ஸ் வேண்டவே வேண்டாம். வெறும் தண்ணீர் என்றால் பெரும்பாலும் சில மணி நேரத்தில் வடிந்துவிடும். ரெண்டு நாளாகியும் அடைப்பு இருந்தால், உள்ளே இருக்கும் குறும்பி தண்ணீரில் ஊறி உப்பியிருக்க வாய்ப்பு அதிகம். பட்ஸ் அதை இன்னும் உள்ளே தள்ளி, செவிப்பறையோடு ஒட்டவைத்துவிடும்.

இனி குளித்தவுடனே இப்படிச் செய்யுங்கள். அடைத்த காது கீழே இருக்கும்படி தலையைச் சாய்த்து, காது மடலை மேலேயும் பின்னாலேயும் மெல்ல இழுங்கள். காதுக் குழாய் வளைவானது. இப்படி இழுத்தால் நேராகி, தண்ணீர் தானே இறங்கும். குழந்தைக்கு மடலைக் கீழ்ப்பக்கமாகப் பின்னால் இழுக்க வேண்டும். அப்புறம் அந்தப் பக்கமாகவே கொஞ்ச நேரம் படுத்திருங்கள்.

எங்கள் வீட்டில் அக்கா பையனுக்கு இப்படி அடைத்தபோது பாட்டி வெதுவெதுப்பாக எண்ணெய் விட்டார். செவிப்பறையில் ஓட்டை இருந்தால் அது நடுக்காதுக்குள் போய்விடும். நல்லவேளை, அவனுக்கு ஓட்டை இல்லை. டாக்டர் குறும்பியை எடுத்ததும் காது திறந்துவிட்டது.

இப்போது காதுத் துளைக்கு முன்னால் உள்ள சின்ன மேட்டை அழுத்திப் பாருங்கள். வலித்தால் குழாயில் தொற்று தொடங்கியிருக்கலாம். வலி இல்லாவிட்டாலும், ரெண்டு நாள் தாண்டிவிட்டதால் காது மூக்கு தொண்டை டாக்டரிடம் காட்டிவிடுங்கள். சீழ், காய்ச்சல், தலைசுற்றல் இருந்தாலோ, உங்களுக்குச் சர்க்கரை நோய் இருந்து காது வலித்தாலோ, இன்றைக்கே போங்கள்.