ஒபிஸ் சீலிங் ஒழுகுது, ஓனருக்கு ஈமெயில் எப்படி எழுதுற?

"மட்டக்களப்பு டவுனில மேல்மாடியில சின்னதா கணக்கு பாக்குற ஒபிஸ் வச்சிருக்கன். மாரி மழை தொடங்கினா சீலிங் ஒழுகுது, மனேஜர் ஆள் அனுப்பி தார் பூசுவாரு, மறுகா அதே இடம் ஒழுகும். மூணு தரம் சொல்லிட்டன். இந்த மாச வாடகைய நிப்பாட்டட்டா சேர்?"

வாடகைய மட்டும் நிப்பாட்டிடாதீங்க தங்கச்சி. ஒழுகுற கதை பின்னுக்குப் போய் நீங்க வாடகை கட்டாத ஆள்ங்கிற கதைதான் முன்னுக்கு வரும். முதல்ல அக்ரிமெண்ட எடுத்து ரெண்டு விஷயம் பாருங்க, கூரை, சுவர் ரிப்பேர் ஆர்ட பொறுப்புன்னு கிடக்கு, நோட்டீஸ் எப்படி அனுப்பணும்னு கிடக்கு. ரிப்பேர் பத்தி ஒண்டும் எழுதாட்டி நம்மட நாட்டு ரோமன் டச்சு சட்டப்படி கட்டடத்த பாவிக்கக்கூடிய நிலைமைல வச்சிருக்கிறது ஓனர்ட கடமைதான்.

ஈமெயில்ல நிறையப் பேர் விடுற பிழை, முறைப்பாடு சொன்ன திகதிய மட்டும் வரிசையா போடுறது. மனேஜர் "ஒவ்வொரு தரமும் செய்து குடுத்தமே"ன்னு ஒரே வரில முடிச்சிடுவாரு. அதால சொன்ன திகதி, அவங்க செய்த வேலை, திரும்ப ஒழுகின திகதி மூணையும் சேத்து எழுதுங்க, இப்படி:

"2024 நவம்பர் 14 போனில சொன்னேன், 16ஆம் திகதி தார் பூசப்பட்டது. டிசம்பர் 3 அதே இடத்தில் ஒழுகி பிரிண்டர் நனைந்தது, அன்றே வாட்சப்பில் போட்டோ அனுப்பினேன், 5ஆம் திகதி மீண்டும் தார் மட்டும் பூசப்பட்டது. 2025 ஜனவரி 9 மறுபடி ஒழுகியது, அன்றே ஈமெயில் அனுப்பினேன், இதுவரை யாரும் வரவில்லை. தார் பூசுவதால் இது நிற்கவில்லை. கொங்கிரீட் தட்டைப் பரிசோதித்து 14 நாளுக்குள் நிரந்தரமாகத் திருத்தித் தரவும்."

திகதியெல்லாம் நான் சும்மா போட்டது, உங்கட போன்ல கோல் லிஸ்ட், வாட்சப் பாத்து சரியானத போடுங்க, ஞாபகம் இல்லாட்டி "நவம்பர் நடுவில"ன்னு எழுதினாலும் பரவாயில்ல, ஒரு திகதி பொய்யாப் போனா மத்ததையும் நம்பமாட்டாங்க.

இன்னொண்டு, சிலபேர் ஆரோ சொன்னாங்கன்னு எல்லாக் கடிதத்திலயும் மேல "உரிமைகளுக்குப் பாதகமின்றி"ன்னு போடுவாங்க. அது சமாதானம் பேசுற கடிதத்துக்குப் போடுற வசனம், முறைப்பாட்டுக்குப் போட்டா நாளைக்கு அந்தக் கடிதத்தையே கோட்ல காட்ட விடாதீங்கன்னு எதிர்ப்பக்க லோயர் எழும்புவாரு. அத விடுங்க.

ஈமெயில மனேஜருக்கு மட்டும் இல்ல, ஓனருக்கும் சேத்து அனுப்புங்க. 2006ஆம் ஆண்டு 19ஆம் இலக்க இலத்திரனியல் கொடுக்கல் வாங்கல் சட்டத்துக்குப் பிறகு ஈமெயில் சாட்சியமா எடுபடும், ஆனா அக்ரிமெண்ட்ல பதிவுத் தபால்னு இருந்தா அதே கடிதத்த பிரிண்ட் எடுத்து பதிவுத் தபால்லயும் போட்டு ரசீத வச்சிருங்க.

14 நாளும் போய் ஒண்டும் நடக்காட்டி அவசியமான ரிப்பேர நீங்களே செய்து வாடகைல கழிக்க சட்டத்தில இடம் கிடக்கு, அக்ரிமெண்ட் அதத் தடுக்காட்டி. அதுக்கும் முதல்ல எழுத்தில அறிவிக்கணும், ரெண்டு பாஸ்மாரிட்ட எஸ்டிமேட் எடுக்கணும், பில் வாங்கணும். அந்தக் கட்டத்துக்கு வந்தா கழிக்க முதல் அக்ரிமெண்ட கொண்டு வந்து ஒரு லோயர்ட்ட காட்டுங்க.