மேடுபள்ளச் சாலையில் வண்டியின் சஸ்பென்ஷன் சமன்பாடு

கேள்வி: சஸ்பென்ஷன் சமன்பாட்டில் சாலையின் மேடுபள்ளம் எந்த இடத்தில் வரும்? வலப்பக்கம் ky மட்டும் போட்டால் போதுமா?

போதாது. ஸ்பிரிங், டாம்பர் இரண்டுமே சாலைக்கும் வண்டிக்கும் நடுவில் இருக்கின்றன. வண்டியின் உயரம் x, சாலையின் உயரம் y என்றால், ஸ்பிரிங் உணர்வது x − y; டாம்பர் உணர்வது அவற்றின் வேக வித்தியாசம். நின்ற நிலையிலிருந்து x-ஐ அளந்தால் எடை தானே நீங்கிவிடும்:

m x'' + c x' + k x = c y' + k y

அந்த c y' முக்கியம். டாம்பர் அதிர்வை அடக்குகிறது, கூடவே சாலையின் குலுக்கலை மேலேயும் அனுப்புகிறது.

ஒரு சக்கரத்தின் பங்காக m = 300 kg, k = 19200 N/m, c = 1440 N·s/m என்று வைப்போம். இயல்பு அதிர்வெண் √(k/m) = 8 rad/s; தணிப்பு விகிதம் c/(2√(km)) = 0.3.

சாலை 10 மீட்டருக்கு ஒரு அலை, உயரம் ±2 செ.மீ. எனில் ω = 2πv/10. மணிக்கு சுமார் 46 கி.மீ. வேகத்தில் ω = 8 ஆகிவிடும். அப்போது வண்டி ±3.9 செ.மீ. ஆடும். வேகத்தை இரட்டிப்பாக்கினால் ±1 செ.மீ. தான்!

சரி, c-ஐ இரட்டிப்பாக்கினால்? 46-இல் ஆட்டம் 2.6 ஆகக் குறையும், 92-இலோ 1.35 ஆகக் கூடும். ky மட்டும் போட்டவருக்கு இந்தக் கூடுதல் தெரியவே தெரியாது. ω இயல்பு அதிர்வெண்ணின் √2 மடங்கைத் தாண்டியதும் இப்படித் தலைகீழாகும்.

டயரின் நெகிழ்வையும், சக்கரம் தரையை விட்டு எழுவதையும் இந்த மாதிரி கணக்கில் எடுப்பதில்லை.