ஹைட்ரஜன் வேடத்தில் வந்த ஹீலியம்

கேள்வி: ஒவ்வொரு தனிமமும் தனக்கென்று தனி நிறக்கோடுகளைத் தருவது ஏன்? இரண்டு தனிமங்களுக்கு ஒரே கோடுகள் வரவே வராதா?

கிட்டத்தட்ட வந்திருக்கிறது. அதைப் பார்த்து வானியலாளர்கள் பல வருடம் ஏமாந்தும் போனார்கள். அந்த விவகாரத்துக்குள் போனால் உங்கள் 'ஏன்' தானாகவே விளங்கிவிடும். முதலில் ஹைட்ரஜன்.

ஹைட்ரஜன் அடைத்த மின்னிறக்கக் குழாய் வெறும் கண்ணுக்கு இளஞ்சிவப்பாகத் தெரியும். ஒளியை நிறம் நிறமாகப் பிரிக்கும் கீற்றணி வழியாகப் பார்த்தால் அந்த இளஞ்சிவப்பே இருக்காது. 656 நானோமீட்டரில் பளிச்சென்று ஒரு சிவப்புக் கோடு, 486-இல் நீலப்பச்சை, 434-இல் ஊதா. அறை நன்றாக இருட்டாக இருந்தால் 410-இல் இன்னொன்று மங்கலாகத் தெரியும். பின்னணியில் லேசாகப் புகை படர்ந்த மாதிரி ஏதாவது தெரிந்தால் குழம்ப வேண்டாம், அது அணுக்களாகப் பிரியாத ஹைட்ரஜன் மூலக்கூறுகளின் ஒளி.

ஹைட்ரஜன் எலக்ட்ரானுக்கு நினைத்த ஆற்றலெல்லாம் இருந்துவிட முடியாது. n-ஆவது மட்டத்தில் அதன் ஆற்றல் −13.6/n² எலக்ட்ரான் வோல்ட். இரண்டாம் மட்டம் −3.40, மூன்றாம் மட்டம் −1.51. மூன்றிலிருந்து இரண்டுக்கு இறங்கும்போது மிஞ்சும் 1.89 எலக்ட்ரான் வோல்ட் ஒரே ஃபோட்டானாக வெளியேறுகிறது. 1240-ஐ இந்த எண்ணால் வகுத்தால் அலைநீளம் நானோமீட்டரில் வந்துவிடும்: 656. அதுதான் அந்தச் சிவப்பு. நான்காம் மட்டத்திலிருந்து இறங்கினால் 2.55, அதாவது 486. இடைப்பட்ட மட்டம் கிடையாது என்பதால் இடைப்பட்ட நிறமும் கிடையாது.

சரி, ஏமாந்த கதைக்கு வருவோம். 1896-இல் அமெரிக்க வானியலாளர் எட்வர்ட் பிக்கரிங், ஸீட்டா பப்பிஸ் என்ற மிகச் சூடான விண்மீனின் நிறமாலையில் ஹைட்ரஜன் கோடுகளுக்கு நடுநடுவே புதுக் கோடுகள் இருப்பதைக் கண்டார். அவை ஹைட்ரஜன் வரிசையோடு அழகாகப் பொருந்தின, ஆனால் n-க்கு மூன்றரை, நான்கரை என்று அரை எண்களைப் போட வேண்டியிருந்தது. இது ஹைட்ரஜனின் ஏதோ விசேஷ நிலை என்றே நினைத்தார்கள்.

1913-இல் நீல்ஸ் போர் வேறு விடை சொன்னார். 13.6 என்ற எண் அணுக்கருவில் ஒரே ஒரு புரோட்டான் இருப்பதால் வருவது. ஹீலியத்துக்கு இரண்டு புரோட்டான்கள். அதன் இரண்டு எலக்ட்ரான்களில் ஒன்றைப் பிடுங்கிவிட்டால், மிச்சமிருக்கும் ஒன்றுக்கு அதே சூத்திரம்தான், ஆனால் 13.6 இரண்டின் வர்க்கமான நான்கு மடங்காகி 54.4 ஆகிவிடும். இப்போது நான்காம் மட்டத்தைக் கணக்கிட்டுப் பாருங்கள்: 54.4/16 = 3.40. ஆறாம் மட்டம் 54.4/36 = 1.51. ஆக, ஆறிலிருந்து நான்குக்கு இறங்கும் ஹீலியம் அயனி, ஹைட்ரஜனின் அதே சிவப்பைத் தருகிறது! ஏழு, ஒன்பது போன்ற ஒற்றைப்படை மட்டங்களிலிருந்து இறங்குபவைதான் பிக்கரிங் பார்த்த நடுக்கோடுகள். இதே அயனி தரும் 468.6 நானோமீட்டர் கோட்டையும் அப்போது ஹைட்ரஜன் கணக்கில்தான் எழுதியிருந்தார்கள். மான்செஸ்டரில் எவன்ஸ் சோதித்தபோது, ஹைட்ரஜன் கோடுகளே தெரியாத ஹீலியம் குழாயிலும் அந்தக் கோடு வந்தது.

ஆங்கிலேய வானியலாளர் ஆல்ஃபிரெட் ஃபவுலர் விடவில்லை. துல்லியமாக அளந்தால் விகிதம் 4 இல்லை, 4.0016 வருகிறதே என்றார். எனக்கு இந்தக் கதையில் மிகவும் பிடித்த இடம் இதுதான். எலக்ட்ரான் சுற்றும்போது அணுக்கருவும் கொஞ்சம் அசைகிறது, கனமான ஹீலியம் கரு குறைவாக அசைகிறது, அதைச் சேர்த்தால் 4.00163 என்று போர் காட்டினார். அதனால்தான் ஹைட்ரஜன் சிவப்பு 656.28-இலும் ஹீலியம் அயனியின் சிவப்பு 656.01-இலும் விழுகின்றன. நல்ல கருவியில் இரண்டும் தனித்தனியாகத் தெரியும்.

ஒற்றை எலக்ட்ரான் இருக்கும்போதுதான் இவ்வளவு நெருங்கிய ஒற்றுமை. எலக்ட்ரான்கள் கூடினால் ஒன்றையொன்று தள்ளும், அணுக்கருவின் ஈர்ப்பை மறைக்கும். சோடியத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஹைட்ரஜனில் மூன்றாம் மட்டத்தின் உட்பிரிவுகளான 3s, 3p இரண்டும் ஏறக்குறைய ஒரே ஆற்றல். சோடியத்தில் உள்ளே பத்து எலக்ட்ரான்கள் இருக்கின்றன. 3s-இல் உள்ள எலக்ட்ரான் அவற்றை ஊடுருவிக் கருவின் பக்கத்தில் அதிகம் போய்வருவதால் அதன் ஆற்றல் கீழே இறங்கிவிடுகிறது. இரண்டுக்கும் இடையே உண்டாகும் 2.1 எலக்ட்ரான் வோல்ட் இடைவெளிதான் சோடியம் விளக்கின் மஞ்சள், 589. புரோட்டான் எண்ணிக்கை மாறினால் எலக்ட்ரான் எண்ணிக்கையும் மறைப்பும் சேர்ந்தே மாறும், அதனால் மட்டங்களின் இடைவெளிகளும் மொத்தமாக மாறிவிடும். எளிய சூத்திரம் இங்கே உதவாது, கணினியில்தான் கணக்குப் போட வேண்டும்.

அப்புறம் அந்தக் கரு அசையும் சங்கதி ஒரே தனிமத்துக்குள்ளும் வேலை செய்யும். 1931-இல் ஹெரால்ட் யூரி குழுவினர் ஹைட்ரஜன் கோடுகளை ஒட்டி மிக மங்கலான துணைக் கோடுகளைத் தேடிப் பிடித்தார்கள். சிவப்புக் கோட்டின் பக்கத்தில் அது 0.18 நானோமீட்டர் தள்ளி, 656.10-இல் விழும். கருவில் ஒரு நியூட்ரான் கூடுதலாக உள்ள டியூட்டீரியம் அப்படித்தான் அகப்பட்டது.