அசல் ஃபான்ட் இல்லாமல் லோகோ எழுத்தைத் திரும்ப அடிக்கும்போது இடைவெளியும் பேஸ்லைனும்

கேள்வி: எங்கள் ஜவுளிக்கடை லோகோவில் "கோமதி" என்ற பெயர் மட்டும்தான் இருக்கும். அசல் ஃபைல் தொலைந்துவிட்டது, கையில் இருப்பது ஒரு விசிட்டிங் கார்டு. அதே ஃபான்ட் எங்கேயும் கிடைக்கவில்லை. கிட்டத்தட்ட ஒத்துப்போகிற ஒன்றை எடுத்து, இங்க்ஸ்கேப்பில் ஒவ்வொரு எழுத்தாக அடித்து, ஸ்கேன் மேல் பொருத்திக் கீழ்விளிம்பை அலைன் செய்தேன். "தி" மேலே தூக்கிக்கொண்டு நிற்கிறது. இடைவெளியும் ஏதோ சரியில்லை. என்ன செய்யலாம்?

பதில்:

"தி" தூக்கி நிற்பதற்குக் காரணம் உங்கள் கண் அல்ல, அந்த அலைன் பட்டன். "Align bottom edges" என்பது எழுத்து உட்கார வேண்டிய கோட்டை, அதாவது பேஸ்லைனைப் பார்ப்பதில்லை, உருவத்தின் ஆகக் கீழான புள்ளியைத்தான் பார்க்கிறது. த-வுக்கு பேஸ்லைனுக்குக் கீழே இறங்கும் வால் உண்டு. ம-வுக்கு இல்லை. இரண்டின் அடியையும் ஒரே மட்டத்தில் வைத்தால், வால் எவ்வளவு நீளமோ அவ்வளவு த மேலே ஏறிவிடும்.

அதனால் முதலில் பேஸ்லைன் எங்கே என்று அசல் படத்திலிருந்தே கண்டுபிடிக்க வேண்டும். உங்கள் பெயரில் இதற்கு நம்பக்கூடிய இடங்கள் இரண்டு: ம-வின் தட்டையான அடி, கோ-வில் வரும் காலின் இரண்டு பாதங்கள். படத்தைத் தனி லேயரில் போட்டு, ஒளிபுகும் அளவைப் பாதியாகக் குறைத்து, பூட்டிவிடுங்கள். ஒரு கைடு கோட்டை இழுத்து ம-வின் அடியில் வையுங்கள். காலின் பாதமும் அதே கோட்டில் நின்றால் சரி. நிற்கவில்லை என்றால், கார்டு ஸ்கேனரில் சாய்ந்திருந்தது என்று பெரும்பாலும் அர்த்தம். எழுத்தைத் தொடுவதற்கு முன்னால் படத்தைத் திருப்பிச் சரிசெய்துவிடுங்கள். இதைச் செய்யாமல் ஒவ்வோர் எழுத்தாக ஏற்றி இறக்கிக்கொண்டே போய், கடைசியில் பெயரே படிக்கட்டு ஏறியதைப் பார்த்திருக்கிறேன்.

இரட்டைக்கொம்பின் அடிச்சுழியை மட்டும் அளவுகோலாக எடுக்காதீர்கள். வளைந்த அடி உள்ள உருவங்களை ஃபான்ட் செய்கிறவர்கள் வேண்டுமென்றே கோட்டுக்குச் சற்றுக் கீழே இறக்கி வைப்பார்கள், எழுத்து உயரத்தில் ஏறக்குறைய நூற்றில் ஒரு பங்கு, இரண்டு பங்கு. வளைவு கோட்டை ஒரே புள்ளியில்தான் தொடும், தட்டை அடியோ முழுநீளத்துக்கும் தொடும். இரண்டையும் கணக்காக ஒரே மட்டத்தில் நிறுத்தினால் வளைவு மிதப்பது போலத் தெரியும். கார்டில் 6 மி.மீ. உள்ள ம-வைப் பத்து மடங்கு பெரிதாக்கி 60 மி.மீ. உயரத்தில் வைத்து வேலை செய்கிறீர்கள் என்றால், சுழி 0.6 மி.மீ.யிலிருந்து 1.2 மி.மீ. வரை கீழே இறங்கியிருப்பது பிழை அல்ல. அதை "திருத்தி" மேலே ஏற்றிவிடாதீர்கள்.

இப்போது தனித்தனியாக அடித்ததை அழித்துவிட்டு, "கோமதி" என்று ஒரே சொல்லாக அடியுங்கள். பாதிப் பிரச்சினை அங்கேயே தீர்ந்துவிடும், ஏனென்றால் ஒரே ஃபான்டில் ஒரே வரியில் அடித்தால் எல்லா எழுத்தும் தன் பேஸ்லைனில் தானாக உட்காரும். தனித்தனியாகவே வைத்திருக்க வேண்டும் என்றால், எழுத்து இன்னும் டெக்ஸ்டாக இருக்கும்போதே அலைன் பகுதியில் பேஸ்லைனை வைத்து அலைன் செய்யும் பட்டனை அழுத்துங்கள். பாத்தாக, அதாவது வெறும் வடிவமாக மாற்றிய பிறகு அது வேலை செய்யாது. அளவைப் பொருத்துவதும் ம-வின் உயரத்தை வைத்துத்தான். முழுச்சொல்லின் உயரத்தை எடுத்தால் த-வின் வாலும் மேல்விலங்கும் குறுக்கே வரும். இரண்டு ஃபான்டிலும் அவை ஒரே நீளமாக இருக்காது.

அடுத்தது கெர்னிங், அதாவது எழுத்துகளுக்கு நடுவே விடும் இடைவெளி. இங்கேதான் பெரும்பாலோர் தவறுகிறார்கள், நீங்களும் அதையே செய்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். புது எழுத்தைப் பழைய எழுத்தின் மேலேயே கொண்டுபோய் வைப்பது. ஃபான்ட் அதே ஃபான்டாக இருந்தால் அது சரி. ஒத்துப்போகிற ஃபான்டில் எழுத்தின் அகலம் மாறும். பெரிதாக்கிய ஸ்கேனில் உள்ள ம 56 மி.மீ. அகலம், உங்கள் ஃபான்டின் ம 52 என்று வைத்துக்கொள்வோம். இடது விளிம்பைப் பொருத்தினால் மிச்சம் 4 மி.மீ. முழுவதும் வலப்பக்க இடைவெளியில் போய்ச் சேரும். அங்கே அசலில் 7 மி.மீ. இருந்திருந்தால் இப்போது 11. "கோம", "தி" என்று சொல் இரண்டாக உடைந்துவிடும். நடுவில் வைத்தால் இரண்டு பக்கமும் இரண்டிரண்டு மி.மீ. கூடும், ம தனியாக நிற்கும். எனவே எழுத்து நின்ற இடத்தை விட்டுவிட்டு, எழுத்துகளுக்கு நடுவே இருந்த வெள்ளையை அளந்து அதைக் கொண்டுவாருங்கள்.

"கோமதி"யில் மூன்று எழுத்து, ஆனால் கண்ணுக்குத் தெரியும் உருவங்கள் ஐந்து: இரட்டைக்கொம்பு, க, கால், ம, தி. ஆக நான்கு இடைவெளிகள். அளந்தால் ஏறக்குறைய இப்படி வரும் என்று வைத்துக்கொள்ளுங்கள்: கொம்புக்கும் க-வுக்கும் 5 மி.மீ., க-வுக்கும் காலுக்கும் 6, காலுக்கும் ம-வுக்கும் 12, ம-வுக்கும் தி-க்கும் 7. 12 என்பதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். காலின் வலப்பக்கம் நேர்கோடு, ம-வின் இடப்பக்கமும் நேர்கோடு. இரண்டு நேர்கோடுகள் பக்கத்தில் பக்கத்தில் நின்றால் அதிக இடம் வேண்டும். ம-வின் வலப்பக்கமும் த-வின் இடப்பக்கமும் வளைவு. வளைவுக்கு மேலும் கீழும் வெள்ளை ஏற்கெனவே ஒதுங்கியிருப்பதால் 7 போதும். நான்கையும் ஒரே எண்ணாக ஆக்கினால், ஸ்கேலில் சமமாக இருக்கும், கண்ணுக்குச் சமமாக இருக்காது.

இன்னொன்று. கொம்பு, க, கால் மூன்றும் சேர்ந்துதான் ஓர் எழுத்து. அவற்றுக்குள் இருக்கும் இடைவெளி, அடுத்த எழுத்தோடு இருக்கும் இடைவெளியை விட இறுக்கமாகத் தெரிய வேண்டும். கால் க-வை விட்டு விலகி ம பக்கம் சாய்ந்தால் அது ர ஆகிவிடும், குறிப்பாக வால் இல்லாத ர போடுகிற ஸ்டைலில். பல வருடம் முன்பு ஒரு வளையல் கடைக்கு "சாந்தா" என்று போர்டு வடிவமைத்துக் கொடுத்தேன். காலை ச-விலிருந்து கொஞ்சம் தள்ளி வைத்துவிட்டேன். மாட்டிய அன்றே எதிர்க்கடைக்காரர் "யாருங்க அது சரந்தா?" என்று கேட்டார். ஃப்ளெக்ஸ் காசு என் கையிலிருந்துதான் போனது.

இங்க்ஸ்கேப்பில் கர்சரை இரண்டு எழுத்துக்கு நடுவே வைத்து Alt+இடது, Alt+வலது அம்பை அழுத்தினால் இடைவெளி மாறும். Alt+மேல், Alt+கீழ் பேஸ்லைனை மாற்றும். ஒரு அழுத்தலுக்குத் திரையில் ஒரு பிக்சல், Shift-ஐயும் சேர்த்தால் பத்து. திரையின் பிக்சல் என்பதால், ஜூம் செய்யச் செய்ய நகர்வு நுட்பமாகும். ஆனால் கர்சர் ஒரு முழுத் தமிழ் எழுத்துக்கும் அடுத்த எழுத்துக்கும் நடுவேதான் நிற்கும். கொம்புக்கும் க-வுக்கும் நடுவில் போகாது. அதாவது உங்கள் நான்கு இடைவெளிகளில் கர்சர் போகிறவை இரண்டே இரண்டு.

மீதி இரண்டுக்கும் Path > Object to Path கொடுத்து எழுத்தைப் பாத்தாக மாற்ற வேண்டும். அதற்கு முன் டெக்ஸ்டாக இருக்கும் பிரதி ஒன்றை வேறு லேயரில் மறைத்து வையுங்கள், பின்னால் கட்டாயம் தேவைப்படும். மாற்றியதும் அன்க்ரூப் செய்தால் கொம்பும் க-வும் காலும் தனித்தனியாக நகரும். ஒரே துண்டாக ஒட்டிக்கொண்டு வந்தால் Path > Split Path கொடுங்கள். Break Apart வேண்டாம், சுழிக்குள் இருக்கும் ஓட்டையையும் தனித் துண்டாகப் பிரித்து அடைத்துவிடும். இதற்குப் பிறகு எல்லாவற்றையும் கிடையாக மட்டும் நகர்த்துங்கள். Ctrl-ஐப் பிடித்துக்கொண்டு இழுத்தால் பேஸ்லைன் கலையாது.

எல்லாம் முடிந்ததும் மொத்த நீளம் அசலை விடக் குறைவாக வரும், நம் கணக்கில் ம-விலேயே 4 மி.மீ. போய்விட்டது. நீளத்தைப் பொருத்த பக்கவாட்டில் இழுத்துவிடாதீர்கள். நிற்கும் கோடுகள் தடித்து, கிடக்கும் கோடுகள் மட்டும் அப்படியே இருக்கும். பார்த்த உடனே போலி என்று தெரியும். குறைவாகவே இருக்கட்டும்.

எவ்வளவு நுணுக்கமாகப் போவது என்பதற்கும் ஓர் எல்லை உண்டு. கார்டில் எழுத்து 6 மி.மீ. உயரம், 300 டிபிஐயில் ஸ்கேன் செய்தீர்கள் என்றால் ஒரு பிக்சல் சுமார் 0.085 மி.மீ. அதைப் பத்து மடங்கு பெரிதாக்கி 60 மி.மீ.யில் வேலை செய்கிறீர்கள். ஒரு பிக்சல் இப்போது 0.85 மி.மீ. அதனால் ஒரு மி.மீ.க்குக் கீழான வித்தியாசத்தை ஸ்கேனைப் பார்த்துத் திருத்துவதில் பொருள் இல்லை, அதற்குக் கண்தான். 1200-ல் மறுபடி ஸ்கேன் செய்தால் கொஞ்சம் தேறும். அப்போதும் மை பரவிய விளிம்பு மங்கலாகத்தான் இருக்கும். மங்கலின் நடுவிலிருந்து அளந்துகொள்ளுங்கள்.

கண்ணால் பார்க்கும்போது சொல்லை வாசித்துவிடுவதுதான் தொல்லை. தலைகீழாகத் திருப்பிப் பாருங்கள், "கோமதி" மறைந்து கருப்பும் வெள்ளையும் மட்டும் தெரியும். எங்கே வெள்ளை குவிந்திருக்கிறது என்று உடனே பிடிபடும். அப்புறம் கார்டு அளவிலும், ஏ4 தாளிலும் ஒரு பிரிண்ட் எடுத்துச் சுவரில் ஒட்டி, பத்தடி தள்ளி நின்று பாருங்கள். கார்டில் சரியாக இருக்கிற இடைவெளி போர்டில் தளர்ந்து தெரியும். போர்டுக்கென்று நான் நான்கு இடைவெளியையும் ஒரே விகிதத்தில் லேசாக இறுக்கித் தனி ஃபைலாக வைத்துக்கொள்வேன்.

இதெல்லாம் செய்தும் க மட்டும் அசல் மாதிரி இல்லையே என்று தோன்றினால், அது இடைவெளிப் பிரச்சினை அல்ல. அசலைப் போட்டவர் அந்த எழுத்தைக் கையால் மாற்றியிருப்பார். அந்த ஒன்றை மட்டும் பென் டூலில் ஸ்கேன் மேல் வரைந்து, ம-வின் கோட்டுத் தடிமனுக்குப் பொருத்தி, மற்ற நான்கையும் ஃபான்டிலிருந்தே விட்டுவிடுங்கள்.