பி.எட். அடிப்படைப் பாடத்துக்கு வைகாட்ஸ்கியின் ‘மைண்ட் இன் சொசைட்டி’ நூலுக்கு மதிப்புரை எழுதச் சொல்லியிருக்கிறார்கள். எப்படி எழுதுவது?

எட்டு அத்தியாயத்தையும் சுருக்கி எழுத உட்கார்ந்திருப்பீர்கள். நானும் முதலில் அதைத்தான் செய்தேன், பத்துப் பக்கம் வீணானது. ஆறாம் அத்தியாயத்தை மட்டும் நிதானமாகப் படியுங்கள்.

இரண்டு பிள்ளைகளை வைத்துக்கொள்வோம் என்கிறார் வைகாட்ஸ்கி. இருவருக்கும் வயது 10. தனியாக விட்டால் இருவருமே 8 வயதுப் பிள்ளை செய்வதைத்தான் செய்கிறார்கள். உதவி கிடைத்தால் ஒருவர் 12 வயதுக்கானதையும் செய்துவிடுகிறார், மற்றவர் 9 வயதோடு நின்றுவிடுகிறார். தனியாகச் செய்வதற்கும் உதவியோடு செய்வதற்கும் உள்ள இந்த இடைவெளிதான் அண்மை வளர்ச்சி மண்டலம்.

இது எனக்குப் புரிந்தது கற்பித்தல் பயிற்சிக்குப் போன பள்ளியில்தான். ஆறாம் வகுப்பில் இரண்டு பிள்ளைகள் 1/2 + 1/3 = 2/5 என்று எழுதியிருந்தார்கள். மேலே மேலேயும் கீழே கீழேயும் கூட்டிவிட்டார்கள். மதிப்பெண் பதிவேட்டில் இருவருக்கும் பூஜ்யம். ஒருத்தியிடம், “அரைத் தோசையோட இன்னும் கொஞ்சம் சேர்த்தா அரையை விடக் குறையுமா?” என்று மட்டும் கேட்டேன். 2/5 அரையை விடச் சின்னது என்று அவளே பிடித்தாள். தோசையை ஆறாக வெட்டி வரைந்து, 3 துண்டும் 2 துண்டும் சேர்ந்து 5/6 என்றாள். இன்னொரு பையனுக்கு முழுக் கணக்கையும் போட்டுக் காட்டினேன். அப்படியே திருப்பிப் போட்டான். அடுத்து 1/4 + 1/3 கொடுத்தால் 2/7 என்றான்.

என் மதிப்புரையின் குறை கூறும் பகுதி இங்கிருந்துதான் வந்தது. முழுதாகச் செய்து காட்டுவது, தொடங்கிவைத்து முடிக்கச் சொல்வது, வழிகாட்டும் கேள்வி கேட்பது எல்லாவற்றையும் நூல் உதவி என்று ஒரே வரிசையில் வைக்கிறது. திருப்பிப் போடுவதையும் புரிந்துகொள்வதையும் வகுப்பில் எப்படிப் பிரித்தறிவது என்று அந்த அத்தியாயம் சொல்லவில்லை. 12, 9 என்ற எண்களும் ஒரு சோதனையின் முடிவு அல்ல, விளக்கத்துக்காக வைத்துக்கொண்டவை. நான் கணக்கு டீச்சர், ரஷ்ய மூலம் படித்தவள் அல்ல. ஆனால் கையில் இருக்கும் நூலைப் பற்றிச் சொல்ல அது தடையில்லை.

முன்னுரையையும் விட்டுவிடாதீர்கள். வைகாட்ஸ்கி 1934இல் இறந்தார், இந்த நூல் வந்தது 1978இல். தனித்தனிக் கையெழுத்துப் படிகளையும் கட்டுரைகளையும் வெட்டி, இடம் மாற்றித் தொகுத்ததாகப் பதிப்பாசிரியர்களே சொல்கிறார்கள்.

அப்புறம் ஒரு மனக்குறை. பிள்ளைக்குத் தற்காலிகமாகத் தரும் உதவியைக் குறிக்கும் ‘சாரக்கட்டு’ என்ற சொல் இந்த நூலில் இல்லை, அது வுட், புரூனர், ராஸ் மூவரும் 1976இல் எழுதிய கட்டுரையிலிருந்து பரவியது என்று எழுதியிருந்தேன். கைடில் வைகாட்ஸ்கி என்றுதான் போட்டிருக்கிறது என்று சொல்லி எங்கள் கல்லூரியில் மூன்று மதிப்பெண் குறைத்தார்கள். புத்தகத்தையே எடுத்துக்கொண்டு போனேன். அவர்கள் அதைத் திறந்துகூடப் பார்க்கவில்லை.