தேடி வர்ற வியூ வேற, யூடியூப் காட்டி வர்ற வியூ வேற

"சார், மிக்ஸி கிரைண்டர் ரிப்பேர் வீடியோ போடுறேன். ஜார் பிளேடு கழட்டுற வீடியோ சர்ச்சுல மொதல்ல வருது, ஆனா ஒரு நாளைக்கு 40 வியூ தாண்டல. டேக் மாத்தி சஜஸ்டட்ல ஏத்தி விடுறேன்னு ஒருத்தர் 6,000 ரூபா கேக்குறார். குடுக்கலாமா?"

குடுக்காதீங்க. டேக்குக்கு ரொம்ப சின்ன பங்குதான்னு யூடியூப் ஹெல்ப் பக்கத்துலயே போட்டிருக்கு, ஜனங்க அடிக்கடி எழுத்துப்பிழையோட டைப் பண்ற பேரா இருந்தா கொஞ்சம் உதவும், அவ்ளோதான்.

சர்ச்சுல ஜார் இறுகிப்போனவர் டைப் பண்றார், யூடியூப் அந்த வார்த்தைய உங்க டைட்டில், டிஸ்கிரிப்ஷன், வீடியோவுல பேசுறது இதோட ஒப்பிட்டுப் பாக்குது, அதைத் தேடி வந்தவங்க வீடியோவ எவ்ளோ நேரம் பாத்தாங்கன்னும் பாக்குது. ஒரு நாளைக்கு எத்தனை பேருக்கு ஜார் இறுகுதோ அத்தனை பேர்தான் வருவாங்க, அதுக்கு மேல யாராலயும் ஏத்த முடியாது. ஆனா ரெண்டு வருஷம் கழிச்சும் வருவாங்க.

சஜஸ்டட்ல யாரும் எதையும் கேக்கல. ஒருத்தர் வேற வீடியோ பாத்துட்டு இருக்கார், அவர் இதுவரைக்கும் பாத்தத வச்சும், அதே மாதிரி ஆளுங்க அடுத்து எதைப் பாத்தாங்கன்றத வச்சும் யூடியூப் பக்கத்துல ஒண்ணு நீட்டுது. உங்க வீடியோவுக்கு வர்றவர் பிளேடு கழண்டதும் போனை வச்சிட்டு சட்னி அரைக்கப் போயிடுறார். அடுத்து எதுவும் பாக்கலன்னா எதோட சேத்துக் காட்டும்?

இங்க ஒரு விஷயம் இருக்கு, இதுலதான் நிறைய பேர் ஏமாறுறாங்க. சர்ச்சும் எல்லாருக்கும் ஒரே மாதிரி வராது, நீங்க பாத்த ஹிஸ்டரியும் அதுல கலக்கும். உங்க போன்ல உங்க வீடியோ மொதல்ல வந்தா அது ரேங்க் இல்ல. அந்த ஏஜென்ட்டும் இதத்தான் பண்ணுவார், முழு டைட்டிலையும் அப்படியே டைப் பண்ணி "பாருங்க, நம்பர் ஒன்"னு ஸ்கிரீன்ஷாட் அனுப்புவார். முழு டைட்டில யாருங்க டைப் பண்றாங்க? இன்காக்னிட்டோல, லாகின் இல்லாம, "mixie jar tight" மாதிரி ஜனங்க அடிக்கிற வார்த்தையப் போட்டுப் பாருங்க.

அந்த வார்த்தை யூடியூப் ஸ்டூடியோவுலயே இருக்கு. அனலிட்டிக்ஸ்ல Traffic source போயி YouTube search-ஐத் தொட்டா என்ன டைப் பண்ணி வந்தாங்கன்னு தெரியும், Suggested videos-ஐத் தொட்டா எந்த வீடியோ பக்கத்துல காட்டுச்சுன்னு தெரியும். இவ்ளோ முக்கியமானத ஏன் இத்தனை தட்டு தட்டிப் போய்ப் பாக்கணும்னு அவங்களத்தான் கேக்கணும். அந்த ரெண்டாவது லிஸ்ட்ல உங்க வீடியோவே ஒண்ணு ரெண்டு இருந்தா நல்ல அறிகுறி. பிளேடு வீடியோ முடியுறப்ப "கழட்டுனதும் கீழ தண்ணி ஒழுகுதா, வாஷர் மாத்தணும்"னு சொல்லி வாஷர் மாத்துற வீடியோவ எண்ட் ஸ்கிரீன்ல வைங்க, அவருக்கு அடுத்து வர்ற தொல்லையே அதுதான்.

ஏற்கனவே காசு குடுத்திருந்தா அதே Traffic source லிஸ்ட்ல YouTube advertising-னு ஒரு பேர் வந்திருக்கான்னு பாருங்க, வந்திருந்தா அந்த வியூ விளம்பரம் ஓட்டி வாங்குனது. விளம்பரத்துல வந்தவங்க பாத்த நேரம் மானிடைசேஷனுக்கான 4,000 மணி நேரத்துல சேராது.