பாட்டில் மாறிப்போன கதையை முதலில் சொல்லுங்கள்

*ஈரோட்டில் இருந்து ஃப்ரீலான்ஸ் டிசைனராக வேலை செய்கிறேன். காங்கேயம் பக்கம் ஒரு மரச்செக்குக் கடைக்கு மூன்று எண்ணெய்க்கும் லேபிள் செய்து கொடுத்தேன். அதை இன்ஸ்டாகிராமில் பத்து ஸ்லைடாகப் போட்டேன். லோகோ, மூட்போர்டு, கலர், எழுத்துரு, மாக்கப் எல்லாம் இருக்கிறது. லைக் போடுகிறவர்கள் எல்லாரும் டிசைனர்கள்தான்; ஒரு கடைக்காரர்கூட விசாரிக்கவில்லை. பிரச்சினை, செய்முறை, பலன் என்று எப்படி அடுக்குவது? விற்பனைக் கணக்கையும் ஓனர் தரமாட்டேன் என்கிறார். – ஒரு வாசகி*

போனில் பேசும்போது போகிற போக்கில் மூன்று விஷயம் சொன்னீர்கள். கடைப்பையன் கடலை எண்ணெய்க்கு நல்லெண்ணெயை எடுத்துக் கொடுத்துவிடுவான், வாங்கினவர்கள் திருப்பிக் கொண்டுவந்து வைப்பார்கள் என்றீர்கள். தேங்காய் எண்ணெய் பாட்டிலை ஓர் இரவு ஃப்ரிட்ஜில் வைத்துப் பார்த்ததைச் சொன்னீர்கள். புது லேபிள் ஒட்டிய பிறகு அந்தத் தொந்தரவு போய்விட்டது என்று ஓனர் சொன்னதையும் சொன்னீர்கள். பிரச்சினை, செய்முறை, பலன் மூன்றும் இவைதான். உங்கள் பத்து ஸ்லைடில் இவற்றில் ஒன்றுகூட இல்லை.

அடுக்குவதைக் கடைசியிலிருந்து தொடங்குங்கள். முதலில் பலனை ஒரே வரியில் எழுதுங்கள்: ‘பாட்டில் மாறிப்போவது அநேகமாக நின்றது.’ அந்தப் பலனுக்கு நேர் எதிரே நிற்பதுதான் உங்கள் பிரச்சினை: ‘பாட்டில் மாறிப்போகிறது.’ முதல் ஸ்லைடில் பாட்டில் மாறிப்போவதைச் சொல்லிவிட்டு, கடைசியில் ‘பிராண்டுக்குப் புதுப்பொலிவு’ என்று முடித்தால் கதை அறுந்துவிடும். இரண்டு முனையையும் கட்டிய பிறகு நடுவில் எதை வைப்பது என்பது தானாகவே தெரியும். இந்த முனையிலிருந்து அந்த முனைக்குப் போக எந்த முடிவு உதவியதோ அது உள்ளே வரட்டும், மற்றதெல்லாம் வெளியே போகட்டும். உங்கள் மூட்போர்டு அங்கேயே விழுந்துவிடும். எழுத்துரு பற்றிய ஸ்லைடும்தான். மனசுக்குக் கஷ்டமாக இருக்கும், சரி. ஆனால் வெள்ளக்கோவிலில் எண்ணெய் மில் வைத்திருப்பவருக்கு நீங்கள் எந்த எழுத்துரு எடுத்தீர்கள் என்பதில் அக்கறை கிடையாது.

இந்த வேலைக்கு எட்டு ஸ்லைடு போதும். இன்ஸ்டாகிராம் இப்போது இருபது வரை விடுகிறது என்பதற்காக இருபதும் போட வேண்டியதில்லை.

முதல் ஸ்லைடில் பழைய லேபிளோடு நல்லெண்ணெய் பாட்டிலையும் கடலை எண்ணெய் பாட்டிலையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். கடை அலமாரியிலேயே, அந்த மங்கல் வெளிச்சத்திலேயே எடுத்த படமாக இருக்கட்டும். மேலே ஒரே கேள்வி: ‘இதில் கடலை எண்ணெய் எது?’ பார்க்கிறவர் ஒரு நொடி தேடுவார். கடைப்பையனின் கஷ்டம் அந்த ஒரு நொடியில் அவருக்கே வந்துவிடும். நீங்கள் விளக்கவே வேண்டாம்.

இரண்டாவது ஸ்லைடை எல்லோரும் அலட்சியமாக விடுகிறார்கள். முதல் ஸ்லைடோடு, அடுத்ததைப் பார்க்காமல் போனவருக்கு இன்ஸ்டாகிராம் அதே பதிவை மறுபடி காட்டும்போது இரண்டாவதிலிருந்து காட்டுவது உண்டு. அதனால் அது தனியாக நின்றாலும் புரிய வேண்டும். அங்கே ஓனர் சொன்னதை அவர் பேச்சிலேயே போடுங்கள்: “கடலெண்ணெய் கேட்டா பையன் நல்லெண்ணெய எடுத்துக் குடுத்துடறானுங்க. வாரத்துல மூணு நாலு பாட்டில் திரும்பி வருதுங்க.” கீழே சின்னதாக, மரச்செக்குக் கடை, காங்கேயம், மூன்று எண்ணெய். ‘வாடிக்கையாளர் குழப்பத்தால் பிராண்ட் அடையாளம் பாதிக்கப்பட்டது’ என்று நீங்கள் மாற்றி எழுதினால் செத்துப்போகும்.

மூன்றாவதில் காரணம். கல்லாவுக்கு இந்தப் பக்கம் நின்று ஆறடி தூரத்திலிருந்து எடுத்த படத்தை எனக்கு அனுப்பினீர்களே, அது ஏன் பதிவில் இல்லை? அந்தத் தூரத்தில் மூன்று பாட்டிலிலும் தெரிவது ஒரே செக்கு மாட்டுப் படமும் ஒரே பழுப்பு நிறமும்தான். எண்ணெயின் பெயர் மாட்டின் காலடியில் பொடி எழுத்தில் கிடக்கிறது. அந்தப் படத்தின் மேல் ஒரு வட்டம் போட்டுப் பெயரைக் காட்டுங்கள். செய்முறை இங்கேதான் தொடங்குகிறது. நீங்கள் கடைக்குப் போய் நின்று பார்த்திருக்கிறீர்கள் என்பதை ஒரு கடைக்காரர் இந்த ஒரு படத்தில் தெரிந்துகொள்வார்.

நான்காவது, நீங்கள் தள்ளிவிட்ட யோசனை. மாட்டை இன்னும் அழகாக வரைந்து, மூன்று லேபிளுக்கும் நிறத்தை மட்டும் மாற்றிய முதல் வடிவம். அது ஏன் நிற்கவில்லை என்பதை ஒரே வரியில் எழுதுங்கள்: ‘ஆறடியில் மூன்றும் மறுபடி ஒன்றுபோலத்தான் தெரிந்தது.’ ஒன்றே ஒன்று போதும். ஐந்து வடிவத்தை வரிசையாகப் போட்டால் உங்களுக்கே முடிவெடுக்கத் தெரியவில்லை என்று தோன்றிவிடும்.

ஐந்தாவதுதான் இந்தப் பதிவின் உயிர். தேங்காய் எண்ணெய் ஏறத்தாழ 24 டிகிரிக்குக் கீழே போனால் உறைய ஆரம்பிக்கும். மார்கழிக் காலையில் நம் ஊரில் பாட்டிலை வெயிலில் வைத்து உருக்காத வீடு உண்டா? உறைந்தால் எண்ணெய் வெள்ளையாகிவிடும். தேங்காய் எண்ணெய்க்கு நீங்கள் முதலில் வைத்திருந்தது வெள்ளைப் பின்னணி லேபிள். ஃப்ரிட்ஜில் வைத்து எடுத்தபோது பாட்டிலும் வெள்ளை, லேபிளும் வெள்ளை, பெயர் மட்டும் அந்தரத்தில் தொங்கியது. அப்புறம்தான் பின்னணியைக் கரும்பச்சைக்கு மாற்றினீர்கள். இதை ஒரே ஸ்லைடில் இரண்டு படமாகப் போடுங்கள். இடப்பக்கம் உறைந்த எண்ணெயில் வெள்ளை லேபிள், வலப்பக்கம் அதே பாட்டிலில் பச்சை லேபிள். ‘எண்ணெய் உறைந்தாலும் பெயர் தெரிய வேண்டும்’ என்ற வரி போதும். டிசைனருக்கு எதற்குப் பணம் கொடுக்க வேண்டும் என்று கேட்கிற ஆளுக்கு, நூறு மாக்கப் சொல்லாத பதிலை இந்த ஒரு பாட்டில் சொல்லிவிடும்.

ஆறாவதில் மூன்று புது பாட்டிலும், முதல் ஸ்லைடில் இருந்த அதே அலமாரியில், அதே கோணத்தில். மாக்கப் வேண்டாம். வெள்ளைப் பளிங்கின் மேல் மிதக்கிற பாட்டிலை எவரும் செய்துவிடலாம். லேபிள் உண்மையிலேயே அச்சாகி, வளைந்த பாட்டிலில் சுருக்கமில்லாமல் உட்கார்ந்து, எண்ணெய்க் கை பட்டும் நிற்கிறது என்பதற்குக் கடைப் படம்தான் சாட்சி. காகிதத்தில் எண்ணெய் ஊறுகிறது என்று பிளாஸ்டிக் ஸ்டிக்கருக்கு மாறியதை இங்கே ஒரு வரியாகச் சொல்லலாம், தனி ஸ்லைடு தேவையில்லை.

ஏழாவது பலன். விற்பனைக் கணக்கு இல்லாதது பெரிய குறை என்று நினைக்கிறீர்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. நானும் ஒரு காலத்தில் ஓர் இனிப்புக் கடை வேலைக்கு ‘விற்பனை 40% கூடியது’ என்று பெரிதாகப் போட்டேன். அதைப் பார்த்துப் போன் செய்த திருப்பூர்க்காரர் கேட்ட முதல் கேள்வி: “எந்த மாசத்துக் கணக்குங்க அது?” தீபாவளி மாதம். பெட்டி மாறாமல் இருந்திருந்தாலும் அந்த மாதம் கூடித்தான் இருக்கும். அவர் சிரித்துக்கொண்டே வைத்துவிட்டார், வேலையும் போனது. விற்பனை ஏறுவதற்குப் பண்டிகை, விலை, பக்கத்துக் கடை மூடியது என்று பத்துக் காரணம் இருக்கும். லேபிள் நேராகத் தொடுகிற விஷயத்தை எண்ணிச் சொன்னால் யாரும் மடக்க முடியாது. உங்களிடம் அது இருக்கிறது. திரும்பி வந்த பாட்டில் வாரத்துக்கு மூன்று நான்காக இருந்தது, புது லேபிள் ஒட்டிய இரண்டு மாதத்தில் ஒரே ஒரு பாட்டில். அடியில் ‘கடைக்காரர் சொன்ன கணக்கு’ என்று போட்டுவிடுங்கள். நீங்கள் அளந்தது போலக் காட்டிக்கொள்ள வேண்டாம். அந்த ஒரு பாட்டிலையும் மறைக்காதீர்கள். பூஜ்யத்தைவிட ஒன்றைத்தான் ஆட்கள் நம்புவார்கள்.

எட்டாவதில் நீங்கள் எதைச் செய்தீர்கள், எதைச் செய்யவில்லை என்பது. லேபிள் வடிவம், அச்சக மேற்பார்வை உங்களுடையது. லோகோ ஏற்கெனவே இருந்தது. எத்தனை வாரம் பிடித்தது என்று எழுதுங்கள். அதன் கீழ் தொடர்புக்கு ஒரே வழி. ‘நன்றி’ ஸ்லைடு தேவையே இல்லை.

அளவு விஷயம் கொஞ்சம். 1080 × 1350 பிக்சலில் செய்யுங்கள். முதல் ஸ்லைடின் அளவுதான் மற்றவற்றுக்கும் வரும், கலந்து போட்டால் வெட்டுப்படும். புரொஃபைல் பக்கத்தில் இப்போது படம் 3:4 ஆகத் தெரிவதால் அட்டை ஸ்லைடின் இரு பக்கமும் சுமார் 34 பிக்சல் மறையும். ஓரத்திலிருந்து 80 பிக்சல் உள்ளே எழுத்தை வையுங்கள். போன் திரையில் எல்லாம் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கும். நீங்கள் 30 பிக்சலில் வைத்த விளக்கம் ஐம்பது வயது மில்காரருக்கு எறும்பு ஊர்வது போலத்தான் தெரியும். 44க்குக் கீழே போகாதீர்கள். தமிழுக்கு வரி இடைவெளியும் கூடுதலாக வேண்டும். ஆங்கிலத்துக்குச் சரியாக இருக்கிற இடைவெளியில் மேல் வரியின் ‘கூ’, ‘ழு’ கால்கள் கீழ் வரியின் ‘கீ’ மேல் சுழியில் போய் இடிக்கும். எழுத்து அளவைப்போல ஒன்றரை மடங்கு வைத்துப் பாருங்கள்.

பதிவிடும் முன் வீட்டில் டிசைன் தெரியாத ஒருவரிடம் போனைக் கொடுத்து அவரே தள்ளிப் பார்க்கட்டும். முடித்ததும், “நான் என்ன வேலை செஞ்சிருக்கேன்?” என்று மட்டும் கேளுங்கள். “அழகா இருக்குது கண்ணு” என்று பதில் வந்தால் இரண்டாவது, மூன்றாவது ஸ்லைடுகளைத் திருத்த வேண்டும். “பாட்டில் மாறாம இருக்கறதுக்கு ஏதோ பண்ணியிருக்கற” என்று வந்தால் போட்டுவிடலாம்.

போடுவதற்கு முந்தின நாள் எட்டு ஸ்லைடையும் ஓனருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள். பழைய லேபிளை வரைந்தது அவருடைய மச்சானாக இருக்கலாம். உங்கள் பதிவில் அதைக் கேலி செய்கிற வார்த்தை ஒன்றுகூட இருக்கக் கூடாது. பாட்டில் திரும்பி வந்த கதை ஊருக்குத் தெரிய வேண்டாம் என்று அவர் தயங்கவும் செய்வார். அப்படியானால் கடையின் பெயரையும் ஊரையும் எடுத்துவிட்டு, படத்தில் லேபிளில் இருக்கிற போன் நம்பரையும் FSSAI எண்ணையும் மறைத்து, ‘கொங்குப் பகுதி மரச்செக்குக் கடை’ என்று மட்டும் போடுங்கள். அதுவும் வேண்டாம் என்றால் இரண்டாவது ஸ்லைடின் வரியை ‘தேடாமல் எடுக்க முடியவில்லை’ என்று மாற்றுங்கள். அப்போது ஏழாவதையும் அதற்கேற்ப மாற்ற வேண்டும்: கடைப்பையனிடம் பழைய பாட்டில்களிலிருந்தும் புதியவற்றிலிருந்தும் கடலை எண்ணெயை எடுக்கச் சொல்லி, போனில் நேரம் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள்.